விசில் அடித்தது யார்: ஒரு சிறுகதையின் மூன்று வரைவுகள்

## பின்னணி

ஒரு சிறுகதை முதல் வரைவிலிருந்து அச்சுக்குப் போகும்வரை என்னென்ன நடந்தது என்பதன் பதிவு இது. கதையின் எடிட்டராக ஏழு மாதம் நான் கூடவே இருந்தேன். எழுதியவர் நாற்பது வயதைத் தாண்டியவர், அதற்கு முன் ஐந்தாறு கதைகள் எழுதியிருந்தார். கதையில் வரும் நண்பர் நிஜத்தில் இருக்கிறார். இருவரும் இந்தக் குறிப்புக்குச் சம்மதம் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். பெயர், ஊர், தொழில் எதையும் சேர்க்கவில்லை.

அடிப்படையான சம்பவம் சின்னது. இருவருக்கும் ஒன்பது வயது இருக்கும்போது, ஒரு விடுமுறை மதியம், பாதி கட்டி நிறுத்தியிருந்த ஒரு வீட்டின் மேல்தளத்துக்கு ஏணி வைத்து ஏறினார்கள். மரத்தில் செய்த பழைய ஏணி, மூன்றாவது படி உடைந்து கம்பியால் கட்டியிருந்தது. நண்பர் முதலில் இறங்கினார். அதற்குப் பிறகு ஏணி இருந்த இடத்தில் இல்லை. எழுத்தாளர் மேலே தனியாக மாட்டிக்கொண்டார். கடைசியில் பெரியவர் ஒருவர் வந்து அவரை இறக்கிவிட்டார். இதுவரை இருவருக்கும் பேச்சு ஒன்றுதான்.

இதற்கு அப்புறம் இரண்டு கதைகள். எழுத்தாளரின் நினைவில், நண்பர் விளையாட்டுக்கு ஏணியை எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இருட்டும்வரை இவர் மேலேயே இருந்தார். வந்தது பெரியவர் மட்டும், நண்பர் இல்லை. நண்பரின் நினைவில், அவர் இறங்கிக் காலை ஊன்றியதுமே ஏணி சரிந்து விழுந்தது. தூக்கி நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. ஓடிப்போய் ஆளைக் கூட்டி வந்தார். எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம்.

31 ஆண்டுகள் கழித்து இருவரும் சந்தித்தபோதுதான் இந்த வித்தியாசமே தெரியவந்தது. எழுத்தாளர் சிரித்துக்கொண்டே, "அன்னிக்கு என்னை மேலேயே விட்டுட்டுப் போனியே" என்றிருக்கிறார். நண்பருக்கு முகம் மாறிவிட்டது. "நான்தானடா ஆளைக் கூட்டிட்டு வந்தேன்" என்றாராம். அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஆறு வாரம் கழித்து முதல் வரைவு என் கைக்கு வந்தது.

## முதல் வரைவில் கண்டது

2,300 சொற்கள். தன்மையில் எழுதியிருந்தார், அதாவது மேலே மாட்டிக்கொண்டவனே கதைசொல்லி. நடை நன்றாகவே இருந்தது. ஆனால் கதை எதைச் சொல்வதாக நினைத்ததோ அதை அது செய்யவில்லை. 'இரண்டு பேர் இரண்டு விதமாக நினைவு வைத்திருக்கிறார்கள்' என்பது விஷயம். படித்து முடித்ததும் எனக்குத் தோன்றியதோ, 'ஒருவன் உண்மை சொல்கிறான், இன்னொருவன் சமாளிக்கிறான்' என்பதுதான். எனக்கு மட்டும்தான் அப்படியா என்று பார்க்க, வழக்கமாக வரைவு படித்துக் கருத்துச் சொல்லும் ஐந்து பேரிடம் கொடுத்தேன். ஐந்து பேருமே நண்பன் பொய் சொல்கிறான் என்றார்கள்.

காரணத்தைத் தேடி வரிவரியாகப் போனேன். சந்திப்புக் காட்சியில் இப்படி இருந்தது:

"நீதானே ஏணியை எடுத்தே?" என்றேன்.
"இல்லடா, அது தானா சரிஞ்சுது" என்றான். அவன் கண்களில் குற்றவுணர்வு தெரிந்தது.

வழக்கை முடித்துவைப்பது அந்தக் கடைசி வாக்கியம். நண்பன் வாயைத் திறப்பதற்குள் கதைசொல்லி தீர்ப்பு எழுதிவிடுகிறான். இதேபோல இன்னும் நான்கு இடங்கள்: 'தடுமாறினான்', 'பார்வையைத் திருப்பிக்கொண்டான்' என்று. எழுத்தாளர் இதை வேண்டுமென்று செய்யவில்லை. முப்பது வருடமாக அவர் மனதில் நண்பர் அப்படித்தான் இருந்தார், அது பேனா வழியாக இறங்கிவிட்டது.

இரண்டாவதாகக் கண்டது இன்னும் முக்கியம். சம்பவக் காட்சியில் ஒரு பத்தி மிகத் துல்லியமாக இருந்தது. நண்பன் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்குகிறான், ஒருமுறை சுற்றுமுற்றும் பார்க்கிறான், பிறகு மணலில் படுக்கவைக்கிறான். ஆனால் அதற்கு நான்கு வரி முன்னால் கதைசொல்லி உள்ளறையில் சுவரோரம் உட்கார்ந்து ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறான். உள்ளறையிலிருந்து மணல் தெரியாது. நான் தொலைபேசியில் கேட்டேன்: "நீங்க எங்க நின்னு இதைப் பார்த்தீங்க?"

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு, "பார்க்கல. சத்தம் கேட்டுது, அவ்வளவுதான்" என்றார்.

ஏணி விழுந்தாலும் சத்தம் வரும், எடுத்துப் போட்டாலும் சத்தம் வரும். அந்த ஒரு சத்தத்திலிருந்துதான் இரண்டு கை, சுற்றுமுற்றும் பார்த்தது, மணல் எல்லாம் முளைத்திருக்கின்றன. வெளியே வந்து பார்த்தபோது ஏணி மணலில் கிடந்ததை அவர் கண்ணால் கண்டது நிஜம். காதால் கேட்டதற்கும் கண்ணால் கண்டதற்கும் நடுவில் இருந்த இடத்தை மனம் ஒரு படத்தால் நிரப்பிவிட்டது. மற்ற நினைவுகளைவிட அந்தப் படம் தெளிவாக இருப்பதால், அதுவே சாட்சியாகவும் ஆகிவிட்டது.

மூன்றாவது, முடிவு. சந்திப்பு முடிந்து வீட்டுக்குப் போகும் கதைசொல்லிக்கு அம்மாவின் பழைய கடிதம் ஒன்று கிடைக்கிறது. அதில் 'ஏணி விழுந்துவிட்டதாம், கூட இருந்த பையன்தான் ஓடிவந்து சொன்னான்' என்று இருக்கிறது. கதைசொல்லி உடைந்து அழுகிறான், நண்பனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கிறான். இது முழுக் கற்பனை. நிஜத்தில் அப்படி ஒரு கடிதம் கிடையாது.

## முதல் முடிவுகள், காரணங்கள்

கடிதத்தை எடுத்துவிடலாம் என்றேன். எழுத்தாளர் ஒப்புக்கொள்ளவில்லை. கடிதம் இல்லையென்றால் நண்பருக்கு நியாயம் கிடைக்காது என்பது அவர் வாதம். வாதத்தில் நேர்மை இருந்தது. ஆனால் கடிதம் வந்ததும் கதை 'யார் சொன்னது சரி' என்ற கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. அதைவிடப் பெரிய குறை, கதைசொல்லி அதை ஒரே நொடியில் ஏற்றுக்கொள்வது. மனிதர்கள் அப்படி ஏற்றுக்கொள்வதில்லை.

இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, உல்ரிக் நைஸர் என்ற உளவியலாளர் தன் மாணவர்களிடம், செய்தியை எங்கே, எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்தார். இரண்டரை ஆண்டுகள் கழித்து அவரும் நிக்கோல் ஹார்ஷும் அவர்களில் 44 பேரிடம் அதே கேள்வியைக் கேட்டார்கள். பலரின் பதில் பழையதோடு ஒத்துப்போகவில்லை, ஆனாலும் உறுதியாகச் சொன்னார்கள். அவர்கள் கைப்பட எழுதிய பழைய தாளைக் காட்டினார்கள். அதைப் பார்த்தும் பழைய நினைவு திரும்பிவிடவில்லை. கையெழுத்து தன்னுடையதுதான், ஆனாலும் இப்போது நினைவிருப்பதுதான் நினைவிருக்கிறது என்கிற நிலை. சொந்தக் கையெழுத்துக்கே இந்தக் கதி என்றால், அம்மாவின் கடிதம் ஒரு வரியில் என்ன செய்துவிடும்?

இதைச் சொன்னதும் எழுத்தாளர் கடிதத்தை விட்டுக்கொடுத்தார். தீர்ப்பு வாக்கியங்கள் ஐந்தையும் வெட்டினோம். நண்பன் பேசும் இடத்தில் அவன் சொல் மட்டும், அவன் கை எங்கே இருக்கிறது என்பது மட்டும். கண் என்ன சொன்னது என்பது வேண்டாம். ஏணியைத் தூக்கும் பத்தியை அழித்துவிட்டு, 'சத்தம் கேட்டது' என்ற இரண்டு சொல்லை மட்டும் வைத்தோம். என் கணிப்பில் ஏழு மாதத்தில் செய்த மிக நல்ல வெட்டு அதுதான்.

கால அளவை மட்டும் தொடவில்லை. ஒருவனுக்கு இருட்டும்வரை, மற்றவனுக்குக் கால் மணி நேரம். இதைச் சரிப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை. காத்திருப்பவன் நேரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான், அது நீளும். ஓடுபவனுக்கு வழி, கதவு, ஆள் என்று கவனிக்க ஆயிரம் இருக்கிறது. வாசகருக்கு இதை விளக்க வேண்டாம், இரண்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

இனி கதை எதில் நிற்கும்? திரும்பப் படித்தபோது மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது: 'பயம் தெரியாமல் இருக்க விசில் அடித்துக்கொண்டிருந்தேன்.' அதற்குப் பிறகு விசில் எங்கேயும் இல்லை. நான் யோசனை சொன்னேன்: கீழே இருந்தவன் அந்த விசிலைக் கேட்டிருந்தால்?

## இரண்டாம் வரைவு

எழுத்தாளர் பத்து நாளில் எழுதி அனுப்பினார். சந்திப்புக் காட்சி இப்படி மாறியிருந்தது:

"மேல இருந்து விசில் கேட்டுச்சு. சரி, ஜாலியாத்தான் இருக்கான்னு நினைச்சேன். அதான் ஓடல, நடந்தேன்."
நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்தேன். "விசிலா?" என்றேன்.

ஒருவன் பயத்தில் அடித்த விசில், இன்னொருவன் காதில் சந்தோஷமாக விழுந்திருக்கிறது. அதனால் அவன் அவசரப்படவில்லை. அதனால் இவன் அதிக நேரம் காத்திருந்தான். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் கெட்டவனும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அதே ஐந்து பேரிடம் மறுபடி கொடுத்தேன். இந்த முறை யாரும் நண்பனைக் குற்றம் சொல்லவில்லை. அவர்களில் ஒருவர் மட்டும், "அழகா இருக்கு, ஆனா பூட்டுக்குன்னே செஞ்ச சாவி மாதிரி இருக்கு" என்றார். அதை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நண்பர் விசிலைக் கேட்டதாக நிஜச் சந்திப்பில் சொல்லவே இல்லை. அது நாங்கள் இருவரும் செய்த ஜோடனை. கதை என்பதால் அதில் தவறில்லை என்று நினைத்தோம்.

## நண்பரிடம் காட்டியபோது

நிஜ மனிதரைத் தழுவிய கதை என்றால், அச்சுக்கு முன் அவரிடம் காட்டச் சொல்வது என் வழக்கம். எழுத்தாளர் இரண்டாம் வரைவை நண்பருக்கு அனுப்பினார். நான்கு நாள் சத்தமே இல்லை. ஐந்தாம் நாள் அழைத்தார். எழுத்தாளர் குறித்துவைத்ததை அப்படியே தருகிறேன்.

"கதை நல்லாருக்குடா. ஆனா விசில் அடிச்சது நான். கீழ இருந்து அடிச்சேன். ஆளைக் கூட்டிட்டு வர்றேன், பயப்படாதேன்னு சொல்றதுக்கு. நீ பதிலுக்கு அடிக்கவே இல்ல. உனக்கு அப்ப விசில் அடிக்க வரவே வராதே."

எழுத்தாளர் அன்று இரவே எனக்குப் போன் செய்தார். அவருக்குக் கோபம் இல்லை, ஆட்டம் கண்டிருந்தார். ஏணி விஷயத்தில் தான் தவறாக இருக்கலாம் என்று ஏற்றுக்கொள்ள அவருக்கு இரண்டு மாதம் பிடித்திருந்தது. விசிலை மட்டும் அவர் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. உதடு காய்ந்துபோய்க் காற்று மட்டும் வந்தது வரை நினைவிருக்கிறது என்றார். கதையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

ஒரு நினைவு யாருடையது என்று இருவர் சண்டை போடுவது புதிதல்ல. 2001இல் ஷீன், கெம்ப், ரூபின் என்ற மூன்று ஆய்வாளர்கள் இரட்டையர்களிடம் இதைப் பதிவு செய்தார்கள். ஒரே சம்பவத்தை இருவரும் தனக்கு நடந்ததாகச் சொன்னார்கள், தனக்குத்தான் நடந்தது என்று இருவரும் நம்பினார்கள். சிறு வயதில் ஒன்றாகவே திரிந்தவர்கள் ஒரே கதையைப் பலமுறை சேர்ந்து பேசியிருப்பார்கள். பேசப் பேச, செய்தது யார் என்ற ஒட்டு மட்டும் உதிர்ந்துபோகிறது. சம்பவம் மிஞ்சுகிறது. இதை எழுத்தாளரிடம் சொன்னேன். ஆறுதலாக இருந்ததா என்று தெரியவில்லை, ஆனால் கதையைத் திரும்ப எடுக்கும் பேச்சு நின்றது.

## மூன்றாம் வரைவு

எங்கள் முன் இரண்டு வழி இருந்தது. இரண்டாம் வரைவை அப்படியே விடலாம், கதைதானே. இல்லையென்றால் நண்பர் சொன்னதைக் கதைக்குள் கொண்டுவரலாம். இரண்டாவதைத் தேர்ந்தோம். பூட்டுக்குச் செய்த சாவி என்று ஒருவர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விசிலால் எல்லாவற்றையும் விளக்கிவிட்டால், அதுவும் அம்மாவின் கடிதம் செய்த வேலையைத்தான் செய்கிறது: சமரசமான ஒரு தீர்ப்பு. அந்தக் கடிதத்தை வெட்டச் சொன்னவனும் நான்தான், விசிலை வேறு பெயரில் உள்ளே விட்டவனும் நான்தான்.

புதிய வரைவில் விசில் இருக்கிறது, ஆனால் இருவரும் அதற்குச் சொந்தம் கொண்டாடுகிறார்கள். எழுத்தாளர் முதலில் ஒரு முடிவு எழுதினார். நண்பன், "சரி, இப்ப அடிச்சுக் காட்டு" என்கிறான். கதைசொல்லி முயல்கிறான், வெறும் காற்று வருகிறது. படிக்க நன்றாக இருந்தது. ஆனால் ஐந்து பேரில் நான்கு பேர் அதை, 'ஆக, கதைசொல்லி விசில் அடிக்கவில்லை' என்றே எடுத்துக்கொண்டார்கள். நாற்பது வயதில் விசில் வராதது ஒன்பது வயதைப் பற்றி எதையும் சொல்லாது. இருந்தும் வாசகர் கண் எங்கே ஆதாரம் என்றுதான் தேடும், கிடைத்தால் விடாது. வெட்டினோம்.

கடைசியில் நின்றது இது. விசில் பற்றிய பேச்சு எங்கும் போகாமல் ஓய்கிறது. அந்த ஏணி எவ்வளவு மோசமான ஏணி என்று கதைசொல்லி சொல்லத் தொடங்குகிறான். "மூணாவது படி" என்கிறான். அதே நேரத்தில் நண்பனும் "மூணாவது படி" என்கிறான். கதை அங்கே முடிகிறது. 1,700 சொற்கள்.

நண்பர் கேட்ட மாற்றம் ஒன்றே ஒன்று: தன் அப்பாவின் வேலையைக் குறிக்கும் வரி வேண்டாம் என்றார். எடுத்தோம்.

## பிறகு நடந்தது

கதை ஒரு தொகுப்பில் வந்தது. இருவரும் இப்போது அடிக்கடி பேசிக்கொள்கிறார்கள். விசில் விஷயத்தில் இன்னும் உடன்பாடில்லை, அதை வைத்து ஒருவரையொருவர் கேலி செய்துகொள்கிறார்கள் என்று கேள்வி.

## இன்னொரு முறை என்றால்

ஒரே ஒரு விஷயத்தை மாற்றுவேன், அது வரிசை. நண்பரிடம் வரைவைக் காட்டியது சரி. ஆனால் காட்டுவதற்கு முன், அவருக்கு நினைவிருப்பதைத் தனியாக எழுதி வாங்கியிருக்க வேண்டும். நாங்கள் அதைச் செய்யவில்லை. அதனால் விசிலைப் பற்றி அவர் சொன்னதை என்ன செய்வது என்று இப்போது எங்களுக்குத் தெரியாது. முப்பது வருடம் அவரிடம் இருந்த நினைவாக இருக்கலாம். எங்கள் இரண்டாம் வரைவைப் படித்து நான்கு நாள் யோசித்ததில் பிறந்ததாகவும் இருக்கலாம். 1995இல் எலிசபெத் லோஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரலும் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக நடக்காத ஒரு சம்பவத்தை, குடும்பத்தார் சொன்னதாக 24 பேருக்குக் கொடுத்தார்கள். சுமார் கால்வாசிப் பேர் முழுதாகவோ பாதியாகவோ அதை நினைவுகூர்ந்தார்கள். ஒரு பத்திக் குறிப்புக்கே அப்படி. நாங்கள் அனுப்பியது நன்றாகத் தீட்டிய ஒரு முழுக் கதை, அதுவும் நண்பனின் கையால் எழுதியது.

மூன்றாவது படிக்கும் இதே சிக்கல் உண்டு. உடைந்த படி பற்றி நண்பரும் சொன்னார் என்று எழுத்தாளர் நெகிழ்ந்து சொல்வார். அது முதல் இரண்டு வரைவிலும் இருந்தது, நண்பர் சொன்னது இரண்டாவதைப் படித்த பிறகு. கதையில் அந்த முடிவு நிற்கும், அதில் சந்தேகமில்லை. வாழ்க்கையில் அது சாட்சியாகாது. இருவருக்கும் ஒன்றுபோல இருப்பதாக மேலே பின்னணியில் நான் எழுதியதிலும் அந்தப் படியை எடுத்துவிட்டுத்தான் படிக்க வேண்டும்.

கதை வெளியாகி எட்டு மாதம் கழித்து, காலம் கடந்துதான், அன்று நடந்ததைத் தன் பாணியில் எழுதித் தர முடியுமா என்று நண்பரிடம் கேட்டோம். ஒரு பக்கம் எழுதி அனுப்பினார். அதில் விசில் இருக்கிறது, மூன்றாவது படி இல்லை. ஆளைக் கூட்டிவரப் போகும்போது மழை பெய்துகொண்டிருந்தது, சட்டை முழுக்க நனைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். எழுத்தாளரின் எந்த வரைவிலும் மழை கிடையாது.